ஜாயின்ட் அக்கவுன்ட்டில் ஒருவர் இறந்துவிட்டால் பணம் யார் கைக்கு, யார் பங்குக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னைக் கிளைகளிலேயே என் வங்கி வேலை முழுவதும் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் ஒரு சாவு விழுந்தால், காரியம் முடிவதற்குள் பாஸ்புக்கோடு யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்டதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, நான் சொன்ன பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"நைனாவும் நானும் ஜாயின்ட் அக்கவுன்ட். போன வாரம் தவறிட்டார். பேங்க்ல சொன்னா அக்கவுன்ட்டை முடக்கிடுவாங்கன்றாங்க. சொல்லாம என் கார்டுலயே எடுத்துக்கலாமா?"

முதலில் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கணக்கை யார் இயக்கலாம் என்று அங்கே ஒரு வரி இருக்கும். 'ஈதர் ஆர் சர்வைவர்' என்றிருந்தால், இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருவர் போனால் இருப்பவரிடம் பணம் போகும் என்று அர்த்தம். சில பாஸ்புக்கில் அதைச் சுருக்கி ஈ, எஸ் என்று இரண்டு எழுத்து மட்டும் அடித்திருப்பார்கள். அது இருந்தால் உங்கள் சொந்தக் கார்டில், சொந்தக் கையெழுத்தில் பணம் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனாலும் சொல்லாமல் இருப்பது நல்லதல்ல. சொன்னதும் சில கிளைகளில் பெயரை நீக்கும் வரைக்கும் கணக்கை நிறுத்தி வைப்பார்கள் என்பது உண்மைதான். தாள்கள் சரியாக இருந்தால் அது சில நாள் தொல்லை. சொல்லாமல் ஆறு மாதம் எடுத்துக்கொண்டே இருந்தால், பின்னால் தங்கை ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்க்கும்போது இறந்த தேதிக்குப் பிறகு உள்ள ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காரியச் செலவுக்கு அவசரமாக எடுத்திருந்தால் சுடுகாட்டு ரசீது, பந்தல்காரர் ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். இறந்தவருடைய பணத்திலிருந்து ஈமச் செலவும் கடனும் கழிந்த பிறகுதான் வாரிசுகளின் பங்கு என்ற பேச்சே வரும். அந்த ரசீதுகள் இல்லாவிட்டால் செலவழித்ததும் எடுத்துக்கொண்டதாகவே தெரியும்.

"என் பாஸ்புக்ல வேற மாதிரி எழுதியிருக்கு. எல்லா ஜாயின்ட்டும் ஒண்ணுதானே?"

இல்லை. 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றிருந்தால் முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும் வரை அவர் மட்டும்தான் இயக்க முடியும். அவருக்குப் பின் இரண்டாமவர். மூன்று நான்கு பேர் சேர்ந்த கணக்கில் 'எனிஒன் ஆர் சர்வைவர்' என்று இருக்கும். இவற்றிலெல்லாம் 'சர்வைவர்' என்ற சொல் இருக்கிறது. இருப்பவரிடம் கொடுத்துவிடலாம் என்று இறந்தவர் வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்ட உத்தரவு அது.

வில்லங்கம் பிடித்தது 'ஜாயின்ட்லி' என்ற வகை. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். ஒருவர் போய்விட்டால் மற்றவர் கையெழுத்து மட்டும் செல்லாது. இருப்பவரும் இறந்தவருடைய வாரிசுகளும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மாவுக்கு இதுதான் நடந்தது. கணவனும் மனைவியுமாகக் கணக்குத் தொடங்கும்போது, 'ரெண்டு பேர் கையெழுத்து இருந்தா பத்திரம்' என்று யாரோ சொல்லி அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள். கணவர் போன பிறகு தன் கணக்கிலிருந்து வீட்டு வாடகைக்கு எடுக்க அந்த அம்மாவுக்கு மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று மூன்று பேருடைய சம்மதம் தேவைப்பட்டது.

"கிளைக்கு என்னென்ன எடுத்துக்கிட்டு போகணும்? எத்தனை நாள் ஆகும்?"

'சர்வைவர்' உள்ள கணக்குக்கு மூன்று தாள்கள் போதும்: வங்கியின் விண்ணப்பப் படிவம், இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாளச் சான்று. இதோடு பாஸ்புக்கையும், இறந்தவர் பெயரில் உள்ள ஏடிஎம் கார்டையும், மிச்சமுள்ள காசோலைத் தாள்களையும் கொண்டுபோனால் வேலை ஒரே நடையில் முடியும். வாரிசுச் சான்றிதழ் வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் வாங்கும் வாரிசுரிமைச் சான்றிதழும் ஜாமீன்தாரரும் பத்திரமும் வேண்டியதில்லை. இது 2005-லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையாக அனுப்பிய விஷயம். 2025 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல், 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் ஒரே மாதிரிப் படிவத்துக்கு மாற வேண்டும் என்கிறது. தாள்கள் முழுமையாகக் கிடைத்த நாளிலிருந்து 15 நாளில் முடிக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்துக்கு மேல் ஆண்டுக்கு 4 சதவீதம் சேர்த்து ஈடு தர வேண்டும்.

விதி இப்படி இருந்தாலும் கவுன்ட்டரில் நடப்பது வேறு. என் அத்தையிடமே ஒரு கிளையில், ஈதர் ஆர் சர்வைவர் கணக்குக்கு, 'தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க' என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை நான் கூடப் போனேன். 'சார், எது வேணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க' என்று மட்டும் கேட்டேன். எழுதித் தர யாரும் தயாராக இல்லை. அன்று மதியமே பெயர் நீக்கப்பட்டது. நீங்களும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். புகார் எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

உண்மையில் அதிகம் இழுத்தடிப்பது பெயர்ப் பிரச்சினை. பாஸ்புக்கில் முன்னால் ஒரு இனிஷியல் இருக்கும். ஆதாரில் அப்பா பெயரை முழுசாக விரித்துப் பின்னால் போட்டிருப்பார்கள். இறப்புச் சான்றிதழில் ஆஸ்பத்திரி ஊழியர் காதில் விழுந்தபடி ஏறியிருக்கும். அதனால் மாநகராட்சியில் இறப்பைப் பதியும்போதே பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சொல்லுங்கள். பதிந்த பிறகு திருத்துவதற்கு அலைச்சல் அதிகம்.

"பேங்க்கே என் பேருக்கு மாத்திக் குடுத்துடுச்சு. அப்புறம் தம்பிக்கும் தங்கச்சிக்கும் நான் ஏன் குடுக்கணும்?"

மற்ற எந்தக் கேள்விக்கும் இந்த அளவுக்கு நான் உட்கார்ந்து பதில் சொன்னதில்லை. வங்கிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: யாரிடம் கொடுத்தால் தன் பொறுப்பு தீரும்? அதற்குப் பதில்தான் 'சர்வைவர்'. உங்களிடம் கொடுத்ததும் வங்கி கை கழுவிக்கொள்ளும். பணம் சட்டப்படி யாருடையது என்பது வங்கி முடிவு செய்யும் விஷயமே அல்ல. ரிசர்வ் வங்கியும் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறது: சர்வைவரோ நாமினியோ, வாரிசுகளுக்காகப் பொறுப்பேற்று வாங்குகிறவர் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்த வரி பொடி எழுத்தில் இருக்கும். யாரும் படிப்பதில்லை.

இது நேற்று வந்த விதி அல்ல. 1928-ல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன குரன் தித்தா வழக்கு இதே விவகாரம்தான். கணவன் தன் பணத்தைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் 'இருவரில் ஒருவருக்கு அல்லது இருப்பவருக்கு' என்று வங்கியில் போட்டு வைத்தான். அவன் இறந்ததும் பணம் யாருக்கு என்ற தகராறு. இங்கிலாந்தில் அப்படிப் போட்டால் மனைவிக்குத் தானமாகக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவில் அந்த ஊகம் கிடையாது, பணம் போட்டவனுடைய சொத்தாகவே இருக்கும் என்று தீர்ப்பானது. பெயரைச் சேர்ப்பது வசதிக்காகவும் இருக்கலாம், கொடுத்துவிடும் எண்ணத்திலும் இருக்கலாம். கொடுத்துவிடும் எண்ணம்தான் என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

நடைமுறையில் பாருங்கள். வயதான அப்பாவுக்கு ஏடிஎம் வாசலில் நிற்க முடியவில்லை, கூட இருக்கும் மூத்த மகன் பெயரைச் சேர்க்கிறார். பணம் முழுக்க அப்பாவுடையது. அந்த மகன் சர்வைவராக வாங்கலாம், ஆனால் பங்கிட வேண்டும். இதே கணக்கில் மகனும் தன் சம்பளத்தைப் போட்டு வந்திருந்தால் அவன் போட்ட பகுதி அவனுடையது, யாருக்கும் பங்கில்லை. எது யார் போட்டது என்பதை ஸ்டேட்மென்ட்தான் சொல்லும். அதனால் பெயரை நீக்க விண்ணப்பிக்கும் அன்றைக்கே பழைய ஸ்டேட்மென்ட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்பா முறையாக உயில் எழுதி, இந்தக் கணக்கு மூத்தவனுக்கு என்று சொல்லியிருந்தால் பேச்சே இல்லை. உயில் சொன்னபடி போகும்.

"அண்ணன் ஜாயின்ட், அம்மா நாமினி. யாருக்கு முதல் உரிமை?"

அண்ணன் உயிரோடு இருக்கும் வரை அம்மாவின் நாமினேஷன் தூங்கிக்கொண்டிருக்கும். கூட்டுக் கணக்கில் நாமினிக்கு முறை வருவது, கணக்கில் பெயர் உள்ள அத்தனை பேரும் போன பிறகுதான். 'நான்தானே நாமினி, என்கிட்ட ஏன் கேக்கல' என்று கவுன்ட்டரில் சண்டை போட்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கோபம் நியாயம்தான், ஆனால் கேட்ட கதவு தப்பு.

இருவருக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஜாயின்ட்காரர் முதல் நாளிலிருந்தே கணக்குதாரர்களில் ஒருவர். அதனால் ஒருவர் போனதும் கணக்கு மூடப்படுவதில்லை. ஒரு பெயர் கழன்று, அதே எண்ணில் ஓடும். கணக்குதாரர் உயிரோடு இருந்தவரை நாமினிக்குக் கணக்கில் ஒரு ரூபாய் உரிமைகூட இல்லை. அவர் வந்ததும் கணக்கை முடித்துப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கையில் வாங்கிய பணத்தை வாரிசுகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் பொது. நாமினி சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ராம் சந்தர் தல்வார் வழக்கில், வங்கி டெபாசிட் பற்றியே சொல்லிவிட்டது.

"சரி, நிஜமா எப்படிப் பங்கு பிரியும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க."

தண்டையார்பேட்டையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்து, உயில் எழுதவில்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், அவரைப் பெற்ற தாயும் உயிரோடு இருக்கிறார். ஈமச் செலவும் கடனும் தீர்ந்த பிறகு மூன்று இடத்தில் பணம் மிச்சம்.

முதல் கணக்கு, அவரும் மூத்த மகனும் சேர்ந்த சேமிப்புக் கணக்கு, ஈதர் ஆர் சர்வைவர், 6,00,000 ரூபாய். அதில் 1,00,000 மகன் தன் சீட்டுப் பணம் எடுத்தபோது போட்டது. ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி இருக்கிறது. இரண்டாவது, அவர் பெயரில் மட்டும் உள்ள எஃப்டி, 3,50,000 ரூபாய், மகள் நாமினி. மூன்றாவது, வேலையில் இருந்தபோது தொடங்கிய பழைய கணக்கு, 1,50,000 ரூபாய், கூட்டும் இல்லை, நாமினியும் இல்லை.

வங்கியின் பார்வையில் விஷயம் எளிது. 6,00,000 மூத்த மகனிடம், 3,50,000 மகளிடம். 1,50,000-க்கு எல்லா வாரிசும் சேர்ந்து வர வேண்டும். இத்தோடு வங்கியின் வேலை முடிந்தது.

சட்டத்தின் பார்வையில் வேறு கூட்டல். மூத்தவன் போட்ட ஒரு லட்சத்தை ஒதுக்கிவிட்டால் முதல் கணக்கில் அப்பாவின் பணம் 5,00,000. அதோடு 3,50,000-ம் 1,50,000-ம் சேர்த்தால் சரியாக 10,00,000. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மக்கள், இறந்தவரின் தாய். இங்கே ஐந்து பேர். ஆளுக்கு 2,00,000.

மூத்தவன் கையில் இருப்பது ஆறு லட்சம். தன் ஒரு லட்சமும் பங்கு இரண்டு லட்சமும் போக, மூன்று லட்சத்தை அவன் வெளியே கொடுக்க வேண்டும். மகள் மூன்றரை லட்சத்தில் இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றரையைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது கணக்கின் ஒன்றரை லட்சமும் சேர்ந்தால் ஆறு லட்சம். அது அம்மா, பாட்டி, இளைய மகன் மூவருக்கும் இரண்டிரண்டு லட்சமாகப் போகும்.

இதில் குடும்பங்கள் மறப்பது பாட்டியை. 'அது திண்ணையில உக்காந்திருக்கிற கெழவி, அதுக்கு எதுக்கு பணம்' என்பார்கள். மகன் முந்திவிட்டால் தாய்க்குப் பங்கு உண்டு. ஆனால் இறந்தவரின் தகப்பனார் முதல் வகுப்பில் இல்லை. மனைவி மக்கள் இருக்கும்போது அவருக்குப் பங்கு வராது.

"நாங்க கிறிஸ்டியன், ராயபுரம். மண்ணடியில பக்கத்து வீட்டு பாய் வீட்லயும் இதே கேள்விதான். எங்களுக்கும் இதே பங்கா?"

வங்கி வேலை எல்லோருக்கும் ஒன்றே; பங்குதான் மாறும். கிறிஸ்தவக் குடும்பத்தில் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்குக் கிடையாது. இஸ்லாமியக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. மீதியில் மகனுக்கு மகளைப் போல இரு மடங்கு. மற்ற உறவுகள் இருந்தால் கணக்கு மாறும், அதை ஜமாத்திலோ வழக்கறிஞரிடமோ ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

"அண்ணன் மொத்தத்தையும் எடுத்துடுவான்னு பயமா இருக்கு. மேனேஜர்கிட்ட லெட்டர் குடுத்தா நிறுத்துவாரா?"

சட்டப்படி மேனேஜரைக் கட்டுப்படுத்துவது நீதிமன்றத் தடையுத்தரவு மட்டும்தான். நீங்கள் எழுதிய ஆட்சேபக் கடிதத்துக்காக அவர் சர்வைவருக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. சில மேனேஜர்கள் வம்பு வேண்டாம் என்று சில நாள் இழுப்பார்கள், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தொகை பெரியது, அண்ணன் பேச்சுக்கே வரவில்லை என்றால் வழக்கறிஞரைப் பார்த்துத் தடையுத்தரவு வாங்கி, அதன் நகலைக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும்.

பணம் போன பிறகு தெரிந்தாலும் கதவு மூடிவிடவில்லை. வங்கி மீது வழக்குப் போட முடியாது, அண்ணன் மீது போடலாம். அவர் வாங்கியது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் செலவழித்துத் தீர்த்த பணத்துக்குத் தீர்ப்பு வாங்கி வசூலிப்பது எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கோர்ட் வாசலில் நிற்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் பதினாறாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

"அம்மாவும் அப்பாவும் ஜாயின்ட்டா எஃப்டி போட்டிருக்காங்க. அப்பா இல்ல. அம்மா இப்பவே உடைக்க முடியுமா?"

தவணை முடியும் நாளில் அம்மாவிடம் கொடுப்பதில் சிக்கல் இல்லை, ஈதர் ஆர் சர்வைவர் என்றிருந்தால். முன்கூட்டி உடைப்பதுதான் மாட்டிக்கொள்ளும் இடம். 'எங்களில் ஒருவர் இறந்தால், இருப்பவர் தவணைக்கு முன்பே எடுக்கலாம்' என்று இருவரும் சேர்ந்து தனியாகச் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எஃப்டி படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும், பாதிப்பேர் டிக் போடாமல் விட்டிருப்பார்கள். அது இல்லையென்றால் அப்பாவின் மற்ற வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி உடைத்தால் அபராத வட்டி பிடிக்கக் கூடாது என்பது விதி. ரசீதில் பிடித்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

இருவரும் உயிரோடு இருக்கும்போது, எஃப்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கலாம். ஐந்து நிமிட வேலை.

"அப்பா போன்ல ஜிபே இருக்கு, பின் நம்பரும் எனக்குத் தெரியும். அதுல மாத்திக்கிட்டா என்ன?"

செய்யாதீர்கள். இது உங்கள் ஜாயின்ட் கணக்காக இருந்தாலும், அந்த யுபிஐ பின்னும் அந்தக் கார்டும் அவருக்குக் கொடுக்கப்பட்டவை. இறந்தவர் பெயரில் நடக்கும் பரிமாற்றம் ஸ்டேட்மென்ட்டில் தேதி, நேரத்தோடு நிற்கும். சாவு விழுந்த தேதி மாநகராட்சிச் சான்றிதழில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், கூடப் பிறந்தவர்கள் போலீசுக்குப் போக அதற்கு மேல் தாள் தேவையில்லை. அப்பா உயிரோடு இருந்தபோது கையெழுத்துப் போட்டு வைத்த செக்கும் அப்படித்தான். இறந்த செய்தி வங்கிக்கு எட்டியதும் அதற்குப் பணம் தர மாட்டார்கள்.

அந்த சிம் கார்டை உடனே ரத்து செய்யவும் வேண்டாம். பிஎஃப், இன்சூரன்ஸ், கேஸ் என்று எத்தனையோ இடத்தில் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். ரீசார்ஜ் செய்து வீட்டில் வையுங்கள். அதற்கு மட்டும் அந்தப் போன் போதும்.

"அப்பா பென்ஷன் இந்த அக்கவுன்ட்லதான் வருது. ரெண்டு மாசம் வந்துக்கிட்டே இருந்துச்சு, எடுத்துட்டோம்."

இறந்த தேதிக்குப் பிந்தைய காலத்துக்கு வந்த பென்ஷன் அரசாங்கத்தின் பணம். வாரிசுக்கும் இல்லை, சர்வைவருக்கும் இல்லை. அதைத் திரும்பப் பிடிப்பார்கள். கணக்கில் பணம் இல்லாவிட்டால் நோட்டீஸ் வரும். எடுத்ததை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டு, இறப்புச் சான்றிதழை பென்ஷன் வழங்கும் கிளையில் கொடுங்கள். மத்திய அரசு பென்ஷனாக இருந்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு உரிய மனைவி அதே கணக்கில் சர்வைவராகவும் இருந்தால், அவருக்கான குடும்ப ஓய்வூதியத்தைப் பெறப் புதுக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சில கிளைகளில் புதுக் கணக்கு கேட்பார்கள். பழைய பாஸ்புக்கை நீட்டி, இதிலேயே போடச் சொல்லுங்கள்.

"கூட்டும் இல்ல, நாமினியும் இல்ல. கோர்ட்டுக்குத்தான் போகணுமா?"

பெரும்பாலும் வேண்டாம். வாரிசுகளுக்குள் தகராறு இல்லாமல், தொகை வணிக வங்கியில் 15 லட்சத்துக்குள்ளும் கூட்டுறவு வங்கியில் 5 லட்சத்துக்குள்ளும் இருந்தால், புதிய வழிகாட்டுதல்படி எளிய வழியிலேயே முடிக்கலாம். வங்கி விரும்பினால் இந்த வரம்பை உயர்த்திக்கொள்ளலாம். விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், அடையாளச் சான்றோடு, பணம் வாங்குபவர் வங்கிக்கு எழுதித் தரும் உறுதிப் பத்திரமும், வாங்காத வாரிசுகளின் ஆட்சேபமில்லைக் கடிதமும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழுக்குப் பதிலாக, குடும்பத்தை நன்றாக அறிந்த, ஆனால் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் வாரிசுகள் யார் என்று எழுதிக் கொடுப்பதையும் ஏற்கலாம். அந்த ஆள் வங்கிக்கு ஏற்புடையவராக இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் வெளியாள் ஜாமீன் கேட்கக் கூடாது.

வாரிசுச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. அது யார் யார் என்ன உறவு என்றுதான் சொல்லும். பங்கைத் தீர்மானிக்காது. அதில் பெயர் இருக்கிறது என்பதாலேயே பங்கு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு வாரிசு கையெழுத்துப் போட மறுத்தால் இந்த எளிய வழி நின்றுபோகும். பிறகு நீதிமன்றம்தான். சர்வைவர், நாமினி, இரண்டும் இல்லாதது என்ற மூன்று வழிகளில் இதுதான் மெதுவானது என்பதால்தான் நாமினி போடச் சொல்லி நாங்கள் கவுன்ட்டரில் தொண்டை வறளக் கத்துவோம்.

"நானும் வூட்டுக்காரரும் நல்லாத்தான் இருக்கோம். இப்பவே என்ன சரி பண்ணி வைக்கலாம்?"

இருவருமாக ஒரு முறை கிளைக்குப் போங்கள். கணக்கு 'ஜாயின்ட்லி' என்று இருந்தால் ஈதர் ஆர் சர்வைவராக மாற்றச் சொல்லுங்கள்; இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்டியில் முன்கூட்டி எடுக்கும் சம்மதத்தைப் பதியுங்கள். கூட்டுக் கணக்கிலும் நாமினி போடுங்கள், நீங்கள் இருவருமே போய்விட்டால் அப்போதுதான் பிள்ளைகள் அலைய வேண்டியதில்லை. 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம், இவருக்கு இத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். இரண்டு பிள்ளைகளுக்கு ஐம்பது ஐம்பது என்று போட்டுவிட்டால் ஒருவர் வாங்கி மற்றவருக்குக் கொடுக்கும் சங்கடம் குறையும். ஆனால் சதவீதமும் வாங்கும் உரிமைதான். யாருக்குச் சொந்தமாக வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை உயிலில் எழுத வேண்டும்.

பிள்ளைகளில் ஒருவரின் பெயரைத் துணைக்கு மட்டும் சேர்ப்பதாக இருந்தால், ஒரு வெள்ளைத்தாளில் 'பேங்க் வேலைக்கு உதவியாக இருக்க மட்டும் இவன் பெயரைச் சேர்த்தேன், பணம் என்னுடையது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, மற்றப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நகல் கொடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அதை எழுதி, லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.